எது நடந்தாலும் வரும் காசு

யூட் செத்த பிறகும் அவன் கட்டிய பந்தயம் உயிரோடு இருந்தது. மனிதன் கல்லறைத் தோட்டத்துக் குளிரறையில் கிடக்கிறான், அவன் கட்டிய காசின் மேல் போர்த்துக்கல் அணி ஓடிக்கொண்டிருக்கிறது. கடவுளுக்கும் சில நேரம் பகிடி விடத் தெரியாது.

பலேர்மோவில், லிபெர்த்தாத் தெருவில் ஒரு கிழட்டு வழக்கறிஞரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, சக்கர நாற்காலியில் கொண்டு திரிவதுதான் யூட்டின் வேலை. ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்தில் இத்தாலி ஜெர்மனியிடம் பெனால்ட்டியில் தோற்று, பலேர்மோ முழுவதும் பல்கனிகளில் தொங்கிய கொடிகளை முகம் சுளித்துக்கொண்டு உள்ளே இழுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டு மாடிப்படியில் யூட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழும்பவில்லை. நாற்பத்தொரு வயது. மன்னாரில் தாய், இங்கே பெண்சாதி புஸ்பவதி. பிள்ளை இல்லை.

தாய்க்காரி தொலைபேசியில் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்: "அனுப்புங்கோ." மகனைப் பார்க்காமல் அவள் கண் மூட மாட்டாளாம். புஸ்பவதியும் அதையேதான் சொன்னாள். பிரேதத்தை ஊருக்கு அனுப்பும் கொம்பனிக்காரன், பெட்டி, விமானம், கடுதாசி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ஈரோ என்றான். சனம் கையை இறுக்கவில்லை. துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவர்கள், வீடு துடைக்கிறவர்கள், கிழவர்களைப் பார்க்கிறவர்கள், மொறீசியஸ்காரர்கள்கூட, ஆளுக்குப் பத்தும் இருபதுமாகப் போட்டார்கள். வழக்கறிஞரின் மனைவி, கஞ்சப்பிசினாறி என்று யூட் வாழ்நாள் முழுக்கத் திட்டிய சிஞ்ஞோரா, முந்நூறு தந்து அழுதாள். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துத் தொளாயிரம். அதற்கு மேல் ஒரு சதம் அசையவில்லை.

அந்தக் காசு அகஸ்ரினின் கையில் இருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் மட்டி கழுவுகிறவன் அவன். யூட்டின் கூட்டாளி, ஒரே படகில் வந்தவன். கள்ளம் கபடம் இல்லாதவன் என்று பெயர் எடுத்தவன். ஒரே ஒரு பழக்கம்: தொலைபேசியில் எக்ஸ்சேஞ்ச் பார்ப்பான். எக்ஸ்சேஞ்ச் என்றால் பந்தயக் கடை இல்லை. அங்கே கடைக்காரன் கிடையாது, ஆளும் ஆளுமே எதிரெதிரே நிற்பார்கள். ஒருவன் 'இந்த அணி வெல்லும்' என்று காசு வைப்பான், இன்னொருவன் 'வெல்லாது' என்று அதை ஏற்பான். அந்த 'வெல்லாது' தான் லே. அகஸ்ரின் ஐந்து, பத்து ஈரோவுக்கு மேல் விளையாடியதில்லை. அவனுக்குச் சூதில் ஆசையில்லை, கணக்கில்தான் ஆசை. கணக்கு சரியாக வந்துவிட்டால் பிள்ளை மாதிரிச் சந்தோசப்படுவான். அந்தச் சந்தோசம்தான் அவனைக் கவிழ்த்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது யாருக்குத் தெரியும்?

யூட்டின் பந்தயத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும், கட்டும்போது பக்கத்தில் நின்று சிரித்தவனே அவன்தான். மார்ச் மாதம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பந்தயக் கடையில், ஐரோப்பியக் கிண்ணத்தைப் போர்த்துக்கல் வெல்லும் என்று யூட் இருநூறு ஈரோ வைத்தான். 21,00 என்று பந்தயத் துண்டில் அடித்துத் தந்தார்கள். வென்றால் இருபத்தொரு மடங்கு, நாலாயிரத்து இருநூறு. "ஏன்ரா போர்த்துக்கல்?" என்று கேட்டால், "பாத்திமா மாதான்ரை நாடெல்லோ" என்றான். மாதாவுக்குப் பந்துவிளையாட்டில் என்ன வேலை என்று அகஸ்ரின் பல நாள் கடித்தான். மாதாவோ, கால்களோ, யார் செய்ததோ, போர்த்துக்கல் விளையாடிய மட்டில் சமப்படுத்திச் சமப்படுத்தியே இழுபட்டு வந்து, கடைசியில் வேல்ஸை அடித்து இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. யூட்தான் இல்லை.

வேல்ஸ் தோற்ற மறுநாள் அகஸ்ரின் புஸ்பவதியிடம் போனான். கறுத்தச் சேலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். பாத்திமா மாதா படத்துக்குப் பின்னால் துண்டு இருந்தது. எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை, அவள் கையிலேயே வைத்துப் பார்த்தான். 200,00. 21,00. போர்த்துக்கல். எல்லாம் சரி.

"கொண்டு போங்கோ அண்ணை, எனக்கேன் இது."

"வேண்டாம் தங்கச்சி. உன்ரை வீட்டிலையே இருக்கட்டும்."

செத்த வீட்டிலிருந்து ஒரு துரும்பை எடுத்தாலும் ஊர் நாக்கு நீட்டும். சேர்த்த காசும் அவனிடம், வெல்லும் துண்டும் அவனிடம் என்றால் சொல்லவே வேண்டாம். மானத்துக்குப் பயந்த மனிதன். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து, சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், கடல் தெரியும் படியில் ஏர்னஸ்ற்றை உட்காரவைத்தான். துறைமுகத்தில் சாமான் ஏற்றுகிற ஏர்னஸ்ற்தான் அவனோடு வீடு வீடாக ஏறி இறங்கிக் காசு சேர்த்தவன். அவன் சம்மதம் இல்லாமல் அகஸ்ரின் ஒரு ஈரோவிலும் கை வைக்க மாட்டான். மேசைக்கு விரிக்கும் கடதாசித் துண்டொன்றைக் கிழித்து எழுதத் தொடங்கினான்.

"சனத்தின்ரை காசை வைச்சு சூதாடப்போறியோ?" ஏர்னஸ்ற்றுக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"சூதாடினது யூட், மச்சான். நான் அந்தச் சூதை நிப்பாட்டப்போறன். இப்ப அந்தத் துண்டு என்ன? போர்த்துக்கல் வெண்டால் நாலாயிரத்து இருநூறு, தோத்தால் ஒண்டுமில்லை. வெண்டால் அவன் ஊருக்குப் போவான், தோத்தால் இஞ்சை கிடப்பான். ஒருத்தன்ரை பிரேதத்தை வைச்சு ஆடேலாது."

"சரி, அதுக்கு?"

"எக்ஸ்சேஞ்சிலை போர்த்துக்கல் வெல்லாது எண்டு நான் லே போடுறன். இப்ப விலை மூண்டு தசம் பூச்சியம் அஞ்சு. வெல்லுற காசிலை அவங்கள் நூற்றுக்கு அஞ்சு கொமிசன் எடுப்பாங்கள். அப்ப துண்டுக்கு வாற நாலாயிரத்து இருநூறை, மூண்டு தசம் பூச்சியம் அஞ்சிலை கொமிசன் தசம் பூச்சியம் அஞ்சைக் கழிச்சு, மூண்டாலை பிரி. எவ்வளவு?"

ஏர்னஸ்ற் தன் தொலைபேசியில் அழுத்தினான். "ஆயிரத்து நானூறு."

"அதுதான் லே போடவேண்டிய தொகை. போர்த்துக்கல் தோத்தால் அந்த ஆயிரத்து நானூறு எங்களுக்கு, கொமிசன் எழுபது போக ஆயிரத்து முந்நூற்று முப்பது. போர்த்துக்கல் வெண்டால் எதிராளிக்கு நாங்கள் குடுக்கோணும், ஆயிரத்து நானூற்றை இரண்டு தசம் பூச்சியம் அஞ்சாலை பெருக்கு."

"இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது."

"அதைத்தான் அவங்கள் முன்கூட்டியே கணக்கிலை பூட்டி வைப்பாங்கள். எங்களிட்டை இருக்கிறது இரண்டாயிரத்துத் தொளாயிரம். காணும். இப்ப துண்டுக்கு வாற நாலாயிரத்து இருநூறிலை இதைக் கழி."

ஏர்னஸ்ற் கழித்தான். திரும்பவும் கழித்தான். இரண்டு முறையும் ஆயிரத்து முந்நூற்று முப்பது.

"அடேய்," என்றான்.

"எது நடந்தாலும் ஆயிரத்து முந்நூற்று முப்பது. சேர்த்த காசும் திரும்பி வரும். எல்லாமாய் நாலாயிரத்து இருநூற்று முப்பது. யூட் போயிடுவான்."

ஏர்னஸ்ற் லேசுப்பட்டவன் இல்லை. போர்த்துக்கல் தொண்ணூறு நிமிடத்தில் சமன் செய்து பெனால்ட்டியில் வென்றால் என்ன கதி என்று கேட்டான். நல்ல கேள்வி. அகஸ்ரினுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு என்று தனியாக ஒரு சந்தை உண்டு, அது தொண்ணூறு நிமிடத்தோடு முடிகிற கணக்கு, அதற்குள் போகவே கூடாது. துண்டில் உள்ளது போலக் கிண்ணத்தை யார் தூக்குகிறார்கள் என்ற சந்தையில்தான் லே போட வேண்டும், மேலதிக நேரமும் பெனால்ட்டியும் அதில் அடக்கம் என்று விளக்கினான். ஏர்னஸ்ற் தலையாட்டினான். "சரி. யூட்டுக்காக."

காசைச் சிகரெட் கடையில் கார்ட்டில் ஏற்றி, கார்ட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு ஏற்றினான். சனிக்கிழமை மத்தியானம் கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்து லே போட்டான். முதலில் தொளாயிரத்தை மட்டுமே யாரோ எடுத்தார்கள். மிச்சம் ஐந்நூறு அந்தரத்தில் நின்றது. பாதி லே பாதி இல்லை என்றால் கணக்கு நொண்டிவிடும். ஒரு சட்டி மட்டி அவியும் நேரத்துக்குள் மிச்சமும் அதே விலைக்குப் போனது. கணக்கில் மீதி முப்பது ஈரோ. அப்படியே தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். யூட் செத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

உடனே புஸ்பவதிக்கு எடுத்தான்.

"முடிஞ்சுது தங்கச்சி. நீ இனி ஒண்டுக்கும் யோசிக்காதை. மட்ச் பார்க்கவும் வேண்டாம். எது நடந்தாலும் காசு வரும். யூட் செவ்வாய்க்கிழமை வெளிக்கிடுவான்."

மறுபக்கம் அழுகைதான் கேட்டது.

"ஒண்டு மட்டும். அந்தத் துண்டைப் பத்திரமாய் வை. ஒரு நசிவு, கிழிவு வரக்கூடாது. துண்டில்லாட்டில் ஒண்டுமில்லை."

"ஓம் அண்ணை. பத்திரமாய் வைப்பன்."

ஞாயிறு இரவு கடை நிறைய ஆட்கள். குசினி வாசலில் தொங்கிய தொலைக்காட்சியில் மேலதிக நேரத்தில் போர்த்துக்கல் கோல் அடித்தபோது, பரிமாறுகிறவர்கள் அகஸ்ரினைத் திரும்பிப் பார்த்தார்கள், அவன் கழுவிக்கொண்டே இருந்தான். எவன் அடித்தாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு நிமிடம் கை நின்றது. வென்றது யூட். இருபத்தொரு மடங்கு வென்றிருக்கிறான், மடையன், மாதாவை நம்பி. இருந்திருந்தால் இந்நேரம் தொலைபேசி வெடிக்கும். அகஸ்ரின் மட்டிச் சட்டிக்குள் குனிந்து அழுதான். வெங்காயம் உரிக்கிறவன் நல்லகாலம் பக்கத்தில் நின்றான்.

காலையில் புஸ்பவதியிடம் போனான். துண்டை வாங்கி, அவளையும் கூட்டிக்கொண்டு பந்தயக் கடைக்குப் போய், அவள் கையாலேயே காசை எடுப்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தான். ஏர்னஸ்ற்றும் அங்கே வருவதாகச் சொல்லியிருந்தான். புஸ்பவதி மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தாள். அதற்குள் யூட்டின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, மரண அத்தாட்சி, ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் லமினேற் செய்து மினுங்கிக்கொண்டு இருந்தன. கடைசியாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

உள்ளங்கை அளவில், விறைப்பான, பளபளப்பான, கன்னங்கரிய ஒரு தகடு.

"என்ன இது?"

"துண்டு அண்ணை."

அகஸ்ரின் புரட்டிப் பார்த்தான். இரு பக்கமும் கறுப்பு. யன்னலில் பிடித்துப் பார்த்தான். எண் இல்லை, எழுத்து இல்லை, கோடு இல்லை.

அந்தத் துண்டு மையால் அடித்தது அல்ல, சூட்டால் அடித்தது. பந்தயக் கடையும் சுப்பர்மார்க்கெட்டும் தருகிற அந்த மழமழக் கடதாசியில் சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. லமினேற் மெசினுக்குள் போனால் முழுவதும் சூடு, முழுவதும் கறுப்பு. இதைப் புஸ்பவதி எங்கே படித்தாள்? அவள் படித்தது வேறு. வன்னியில் அடையாள அட்டை நனைந்து போனவனைச் சோதனைச் சாவடியில் இறக்கி ஒரு பக்கமாய் நிறுத்தியதைப் பார்த்தவள். பங்கருக்குள் தண்ணீர் ஏறியபோது பிறப்புச் சான்றிதழ் கரைந்ததைப் பார்த்தவள். எங்களுடைய சனத்துக்குப் பத்திரம் என்றால் பிளாஸ்ரிக். ஒரு கடதாசி பெறுமதியானது என்று சொன்னால் அதற்குப் பிளாஸ்ரிக் போடாமல் நித்திரை வராது. பத்திரமாய் வை என்றான், பத்திரமாய் வைத்தாள்.

"எப்ப செய்தனி?"

"நீங்கள் போன் எடுத்த அண்டைக்குப் பின்னேரம். ஸ்ரேசனடியிலை கொப்பி அடிக்கிற கடை. எல்லாத்தையும் ஒண்டாய்க் குடுத்தனான். இது மட்டும் கறுத்து வந்திட்டுது. அவனும் கையை விரிச்சிட்டான். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு அண்ணை. உங்களுக்கு எடுக்கத்தான் போனைத் தூக்கினனான்."

"ஏன் எடுக்கேல்லை?"

அவள் அவனை நம்பிக்கையோடு பார்த்தாள். அந்தப் பார்வையை அகஸ்ரினால் பிறகு ஒருநாளும் மறக்க முடியவில்லை.

"நீங்கள் சொன்னனீங்களெல்லோ, எது நடந்தாலும் காசு வரும் எண்டு. பிறகேன் உங்களையும் ஆக்கினைப்படுத்துவான் எண்டு விட்டிட்டன்."

சனிக்கிழமை பின்னேரம். ஆட்டம் தொடங்க ஒரு முழு நாள் இருந்தது. அவள் எடுத்திருந்தால், அதே சந்தையில் போர்த்துக்கல்லை அதே தொகைக்கு, மூன்றுக்குக் கிடைத்தாலும், 'வெல்லும்' என்று வாங்கி லேயை அடைத்திருப்பான். போனால் எழுபது ஈரோ போயிருக்கும். துண்டு போனால் போகட்டும், சனத்தின் காசு தப்பியிருக்கும். துண்டு இல்லாத லே காப்பு இல்லை, அது போர்த்துக்கல்லுக்கு எதிராகக் கிட்டத்தட்ட மூவாயிரம் ஈரோச் சூது. ஒரு இரவும் ஒரு பகலும் அகஸ்ரின் நிம்மதியாக நடந்து திரிந்தது அந்தச் சூதின் மேல்தான்.

"அப்ப அவர் நாளைக்கு வெளிக்கிடுவாரோ அண்ணை? மாமிக்குச் சொல்லட்டோ?"

"பொறு தங்கச்சி. பின்னேரம் சொல்லுறன்."

பந்தயக் கடையில் இருந்த பையன் நல்லவன். சிரிக்கவில்லை. தகட்டை விளக்குக்கு நேரே பிடித்தான், மெசினுக்குக் கீழே வைத்தான், தன் முதலாளியைக் கூப்பிட்டான். துண்டில் அடித்த எண் இருந்தால் தேடிப் பார்க்கலாம், பெயர் இல்லாமல் கட்டிய பந்தயத்தில் எண் இல்லாமல் என்னத்தைத் தேடுவது என்றார் முதலாளி. தேடி எடுத்தாலும் வாசிக்கக்கூடிய அசல் துண்டைக் கண்டால்தான் மெசின் காசைக் கக்கும். யூட்டை அவருக்கு ஞாபகம் இருந்தது. "மதோன்னா பாத்திமாக்காரன்தானே?" என்று கேட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். ஞாபகத்துக்குக் காசு தர மாட்டார்கள்.

வெளியே வந்து தொலைபேசியைத் திறந்தான். பூட்டி வைத்த காசு முழுவதும் எதிராளிக்குப் போயிருந்தது, கணக்கில் முப்பது ஈரோ.

ஏர்னஸ்ற் வாசலிலேயே நின்றான். "எங்கை அவள்? எடுத்திட்டியோ காசை?"

தகடு அகஸ்ரினின் சட்டைப்பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். இரண்டு நிமிடக் கதை. ஆனால் ஏர்னஸ்ற்றுக்குத் தெரிந்தால் அவன் பெண்சாதிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் கோவிலடி முழுக்கத் தெரியும். புருசனை ஊருக்குப் போகவிடாமல் பண்ணினவள் என்று புஸ்பவதி சாகும்வரை சுமப்பாள். தாய்க்காரி மன்னாரிலிருந்து சபிப்பாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: அவளுக்கே தெரிந்துவிடும்.

"போச்சு மச்சான். கணக்கைப் பிழையாய்ப் போட்டிட்டன். துண்டுக்கு வந்ததும் சேர்த்து முழுக்கப் போச்சு."

ஏர்னஸ்ற் அறைந்தான். தெருவில், பந்தயக் கடை வாசலில், சனம் பார்க்க. அகஸ்ரின் கையை உயர்த்தவில்லை.

இரண்டாம் தரம் சேர்க்கப் போனபோது கதவுகள் அவ்வளவு திறக்கவில்லை. "செத்தவன்ரை காசிலை சூதாடினவன்" என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். கிடைத்தது இங்கேயே ஒரு குழிக்குத்தான் போதுமாக இருந்தது. கடல் பார்த்த மலைச் சரிவில் யூட்டை வைத்தார்கள். வழக்கறிஞரின் மனைவி பூ கொண்டு வந்தாள். பெட்டியை மூட முதல் யாரோ தொலைபேசியைப் பிடிக்க, மன்னாரிலிருந்து தாய்க்காரியின் முகம் அதற்குள் உடைந்து உடைந்து வந்தது. "முகத்தைக் கிட்டக் காட்டு பிள்ளை, கிட்டக் காட்டு, எனக்கு வடிவாய்த் தெரியேல்லை," என்று கெஞ்சியது. தொடுப்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுக்கிறதுக்குள் மூடிவிட்டார்கள்.

எல்லோரும் இறங்கும்போது புஸ்பவதி பின்னுக்கு நின்றாள். யாரும் கதைக்காத அகஸ்ரினிடம் வந்தாள். ஏர்னஸ்ற் நாலடி தள்ளி நின்று சப்பாத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், மறைக்காதையுங்கோ. அந்தத் துண்டு கறுத்தது. அதாலையோ?"

அகஸ்ரின் அவளைப் பார்த்தான். வாழ்க்கையில் அவன் போட்ட கணக்குகளிலே ஒரு சதம் பிசகாத கணக்கு அன்று படியில் இருந்து போட்டதுதான்.

"சீ, அதுக்கும் இதுக்கும் என்ன தங்கச்சி. அந்தத் துண்டு பிறகு தேவைப்படவே இல்லை. கணக்குப் பிழை. மூண்டாலை பிரிக்கிறதை நான் மாறிப் பிரிச்சிட்டன்."

ஏர்னஸ்ற்றின் கை சப்பாத்திலேயே நின்றது. மூன்றால் பிரித்தது அவன், அவனுடைய தொலைபேசியில், அவனுடைய பெருவிரலால். கழித்தது இரண்டு முறை. நிமிர்ந்து அகஸ்ரினைப் பார்த்தான், பிறகு புஸ்பவதியைப் பார்த்தான். 'துண்டு கறுத்தது' என்ற சொல் அவன் முகத்தில் மெல்ல மெல்ல இறங்கியது.

"ஓம் புஸ்பம்," என்றான் ஏர்னஸ்ற். "இவன்தான் பிழை விட்டவன். வா, பஸ் போயிடும்."

அவள் முதன்முறையாக மூச்சு விட்டு அழுதாள். அழுதுகொண்டே அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் சரிவில் இறங்கிப் போனாள்.